மானிட்டாலா, 3 சதவீத உப்புநீரா, வேக மூச்சா? தாராபுரத்தில் இருந்து கோவை போய்ச் சேரும் வரை

வெள்ளகோவில் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கும் இளம் டாக்டர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், எங்க அலமாரியில மானிட்டாலும் இருக்குதுங்க, 3 சதவீத உப்புநீரும் இருக்குதுங்க. தலையில அடிபட்டவருக்குக் கண்மணி விரிஞ்சிட்டா எதைத் தொங்க விடறதுங்க?" அதே வாரத்தில் காங்கேயத்தில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் தங்கை வேறு விதமாகக் கேட்டார்: மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை வேகமாக அழுத்தச் சொல்கிறார்களே, அது நல்லதா கெட்டதா?

நான் மயக்க மருந்து டாக்டர். மண்டைக்குள் ஏறும் அழுத்தத்தைக் குறைக்க இந்த மூன்றையும் பல இரவுகளில் கையில் எடுத்திருக்கிறேன். கோவையில் மூளை அறுவை டாக்டரும் ஸ்கேனும் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம் இல்லை. தாராபுரத்தில் இருந்து குண்டடம், பல்லடம், சூலூர் என்று சுமார் 80 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்போதுதான் இது முக்கியமாகிறது. அதனால் அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்றுமே ஆஸ்பத்திரியிலும் ஆம்புலன்சிலும் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியவை. உறவினராக இருந்து இதைப் படிப்பவர்கள் டாக்டர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று புரிந்துகொள்ள இது உதவும்.

## அந்தப் பல்ஸ், அந்த பி.பி. என்ன சொல்கின்றன

மண்டையோடு பெரியவர்களுக்கு விரியாத பெட்டி. உள்ளே சுமார் 1400 மில்லி மூளை, 150 மில்லி ரத்தம், இன்னொரு 150 மில்லி மூளைத் திரவம். ரத்தக் கட்டி ஒன்று புதிதாக வளர்ந்தால் முதலில் திரவமும் சிரை ரத்தமும் ஒதுங்கி இடம் கொடுக்கும். அவை ஒதுங்கி முடித்த பிறகு, ஒவ்வொரு சிறு கரண்டி ரத்தத்துக்கும் அழுத்தம் விர்ரென்று ஏறும். இயல்பாக 7 முதல் 15 மி.மீ. பாதரசம் இருக்க வேண்டியது 22-ஐத் தாண்டினாலே சிகிச்சை தேவை என்கிறார்கள். 40, 50 என்று போவதும் உண்டு.

மூளைக்கு ரத்தம் போக வேண்டுமானால் உடலின் சராசரி ரத்த அழுத்தம் மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தை வென்றாக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம். அது 60-க்குக் கீழே போனால் மூளை பட்டினி கிடக்கும். பட்டினியை உணர்ந்த மூளைத்தண்டு உடலின் ரத்தக்குழாய்களை இறுக்கி பி.பி.யைத் தூக்குகிறது. ஏறிய பி.பி.யைக் கழுத்திலும் மார்பிலும் உள்ள ரத்தக்குழாய் உணரிகள் பார்த்து இதயத்தை மெதுவாக்குகின்றன. மூளைத்தண்டே நசுங்கத் தொடங்கும்போது மூச்சு ஒழுங்கு தப்புகிறது. மேல் பி.பி. ஏறுவது, பல்ஸ் குறைவது, மூச்சு தாறுமாறாவது ஆகிய மூன்றையும் மூளை அறுவை டாக்டர் ஹார்வி குஷிங் 1901-ல் விலங்குகளில் செய்த ஆய்வுகளோடு சேர்த்து அவர் பெயரால் சொல்கிறோம்.

இந்த மூன்றும் கடைசிக் கட்டத்து அடையாளங்கள். மூன்றும் கூடும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அதனால் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு நோயாளியின் தாளைக் காட்டுகிறேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). 28 வயது, சுமார் 60 கிலோ. இரவு பைக்கில் வந்தவர், நாய் குறுக்கே வந்து விழுந்திருக்கிறார், ஹெல்மெட் இல்லை. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லீங்க, லேசா தலைவலி" என்றவர், டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். தாளில் உள்ள ஜி.சி.எஸ். நினைவை அளக்கும் எண், முழு நினைவு என்றால் 15.

| நேரம் | பல்ஸ் | பி.பி. | நினைவு (ஜி.சி.எஸ்.) | கண்மணி |
|---|---|---|---|---|
| 8.50 | 92 | 124/78 | 14 | இரண்டும் 3 மி.மீ. |
| 9.30 | 68 | 150/84 | 12, இரண்டு முறை வாந்தி | வலது 4, மெதுவாகச் சுருங்குகிறது |
| 10.10 | 52 | 186/80 | 8, மூச்சு விட்டுவிட்டு | வலது 6, வெளிச்சத்துக்கு அசையவில்லை |

9.30 தாளில் எச்சரிக்கை ஏற்கெனவே வந்துவிட்டது. மேல், கீழ் பி.பி. இடையே உள்ள வித்தியாசம் 46-ல் இருந்து 66-க்கு விரிந்திருக்கிறது, பல்ஸ் இறங்கியிருக்கிறது. 10.10-க்கு அந்த வித்தியாசம் 106. வலது பக்கம் பொட்டெலும்புக்கு உள்ளே வளரும் கட்டி, மூளையின் பக்க மடலின் உள்விளிம்பைக் கூடாரம் போன்ற சவ்வின் ஓரமாகப் பிதுக்கித் தள்ளுகிறது. அந்த விளிம்பு மூன்றாம் மூளை நரம்பை நசுக்க, அதே பக்கத்துக் கண்மணி விரிகிறது. இப்படியே போனால் சிறுமூளையின் அடிப்பகுதி மண்டையோட்டின் பெருந்துளைக்குள் இறங்கி மூளைத்தண்டை நெரிக்கும். மூச்சு நின்றுவிடும்.

இந்த நேரத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு, 186 என்ற எண்ணைப் பார்த்துப் பதறி பி.பி.யைக் குறைக்க மருந்து போடுவது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 186/80-க்குச் சராசரி சுமார் 115. மண்டைக்குள் அழுத்தத்தை அளக்கக் கருவி அங்கே கிடையாது. 45 என்று வைத்துக்கொள்வோம். மூளைக்குக் கிடைப்பது 70. பி.பி.யை 120/70-க்கு இறக்கினால் சராசரி 87. மூளைக்குக் கிடைப்பது 42. அந்த பி.பி.தான் அவரை உயிரோடு வைத்திருந்தது. பல்ஸ் 52 என்று அதை ஏற்ற அட்ரோபின் போடுவதும் இதே மாதிரி, விளைவை அடக்கிக் காரணத்தை விட்டுவிடும் வேலை. ஏறிய பி.பி.யை நாமாகத் தொடக் கூடாது. அழுத்தம் இறங்கினால் அது தானாக இறங்கும்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் போதும். எவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும், வழியில் எத்தனை நேரம் தாங்கும்? பி.பி.யைக் கெடுக்குமா? அதைக் கொடுக்க வேறென்ன பொருள், எத்தனை கை வேண்டும்? மறுநாள் யார் தலையில் அதன் செலவு விழும்?

முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

## மானிட்டால்

நம் ஊரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பது இதுதான். 20 சதவீத மானிட்டால் 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கும். இது ஒரு சர்க்கரை ஆல்கஹால். மூளைக்குள் எளிதில் புகாது, அதனால் ரத்தத்தில் நின்றுகொண்டு மூளையில் இருந்து தண்ணீரை இழுக்கும். கால் மணி நேரத்துக்குள் வேலை தெரியத் தொடங்கும், ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொடும், நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை தாங்கும். கோவைப் பயணத்துக்குத் தாராளம்.

ஆனால் அளவிலும் வேகத்திலும் நாம் கோட்டை விடுகிறோம். "மானிட்டால் 100 மில்லி, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை" என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. 60 கிலோ ஆளுக்கு 100 மில்லி என்றால் கிலோவுக்கு 0.33 கிராம். மூளை பிதுங்கும்போது கிலோவுக்கு 1 கிராம் வரை வேண்டும். அதாவது 60 கிராம், 300 மில்லி, மூன்று பாட்டில். அதை 15 முதல் 20 நிமிடத்தில் ஓட்டி முடிக்க வேண்டும். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே அடர்த்தியில் சட்டென்று வித்தியாசம் உண்டானால்தான் தண்ணீர் இழுபடும். இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டால் சிறுநீர் போகும், மூளை அப்படியே இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு சிறுநீரில்தான். மானிட்டால் சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது தண்ணீரையும் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் சிறுநீர் போனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். யூரின் ட்யூப் போடாமல் மானிட்டால் ஏற்றி ஆம்புலன்சில் அனுப்பினால், நினைவில்லாத ஆள் சிறுநீர்ப்பை நிறைந்து முறுக்கிக்கொண்டு கிடப்பார். அந்த முறுக்கலே மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றும். போன சிறுநீருக்கு ஈடாக நார்மல் சலைன் போய்க்கொண்டிருக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம், அதில் உள்ள சர்க்கரையை உடல் செலவழித்த பிறகு மிச்சம் வெறும் தண்ணீர்தான், அது நேரே மூளைக்குள் போய் வீங்க வைக்கும்.

இன்னொன்று, மார்கழிக் குளிரிலும் ஏ.சி. அறையிலும் மானிட்டால் படிகம் கட்டிவிடும். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி ஊசியாகத் தெரிந்தால் வெந்நீரில் வைத்துக் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆறிய பிறகு, வடிகட்டி உள்ள செட்டில் மட்டும் ஏற்றுங்கள்.

## 3 சதவீத உப்புநீர்

பலரும் "இது மானிட்டாலை விட வலுவானதா?" என்று கேட்கிறார்கள். மில்லிக்கு மில்லி பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீரை இழுக்கும் அடர்த்தியை மில்லி ஆஸ்மாலில் சொன்னால், 20 சதவீத மானிட்டால் லிட்டருக்குச் சுமார் 1100, 3 சதவீத உப்புநீர் 1027. இழுக்கும் சக்தியில் அதிக வித்தியாசம் இல்லை. தலைக்காய சிகிச்சைக்கு உலகம் முழுக்கப் பார்க்கும் மூளைக்காய அறக்கட்டளையின் 2016 வழிகாட்டியும் ஒன்றை விட இன்னொன்று மேல் என்று சொல்லவில்லை.

வித்தியாசம் இழுத்த பிறகு நடப்பதில் இருக்கிறது. மானிட்டால் தண்ணீரோடு வெளியே போகிறது. உப்பு ரத்தக்குழாய்க்குள் தங்கி, இழுத்த தண்ணீரையும் அங்கேயே வைத்துக்கொள்கிறது. அதனால் பி.பி. விழாது.

சாலை விபத்தில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஏறிய பி.பி. உள்ளே நடக்கும் ரத்தப்போக்கை மறைத்துவிடும். வயிற்றில் மண்ணீரல் கிழிந்து ஒரு லிட்டர் ரத்தம் போயிருந்தாலும், மூளைத்தண்டு குழாய்களை இறுக்கிக்கொண்டிருப்பதால் பி.பி. 180 காட்டலாம், பல்ஸ் 52 காட்டலாம். ரத்தம் இழந்தவருக்கு வேகமாக அடிக்க வேண்டிய பல்ஸை இது பொய்யாகக் குறைத்துக் காட்டுகிறது. அந்த நிலையில் மானிட்டால் போட்டு ஒரு லிட்டர் சிறுநீரையும் வெளியேற்றினால், பல்லடம் தாண்டுவதற்குள் பி.பி. சரிந்துவிடும். நம் நோயாளிக்கும் இடது தொடை வீங்கியிருந்தது. தொடை எலும்பு முறிவில் மட்டுமே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே தேங்கலாம்.

அளவு: பெரியவர்களுக்கு 250 மில்லி, 10 முதல் 20 நிமிடத்தில். கையில் ஒரு நல்ல பெரிய ஊசி போதும், கழுத்துச் சிரையைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊசி சரியாக ரத்தக்குழாயில் இருக்க வேண்டும். சதைக்குள் கசிந்தால் தோல் வெந்துபோகும். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 100 மில்லி பாட்டிலாகத்தான் வரும், அதனால் மூன்று எடுத்து வையுங்கள்.

இதன் செலவு மறுநாள் தெரியும். சோடியம் ஏறும். பல நாளாகச் சோடியம் குறைந்து கிடந்தவருக்கு (நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர், குடியால் ஈரல் கெட்டவர்) அதை வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டின் நரம்புறையே கரைந்துபோகும் ஆபத்து உண்டு. ஆனால் இதைச் சொல்லி முதல் டோஸையே மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 60 கிலோ ஆளுக்கு 250 மில்லி ஏற்றினால் சோடியம் இரண்டு மூன்று புள்ளிதான் கூடும். முதல் டோஸுக்குப் பயப்பட வேண்டாம், ரத்தப் பரிசோதனை இல்லாமல் நான்காவது ஐந்தாவது டோஸ் போடுவதற்குத்தான் பயப்பட வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோக்கலாம், மூச்சொலியைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும்.

## வேக மூச்சு

காங்கேயம் தங்கை கேட்டது இது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். குழாய்க்குள் இருக்கும் ரத்தம் குறைய, பெட்டிக்குள் இடம் கிடைக்கும். ஒரு நிமிடத்துக்குள் பலன் தெரியும். மூன்றிலும் வேகமானது இதுதான், பாட்டிலும் வேண்டாம்.

ஆனால் இடம் கிடைப்பது மூளைக்கு வரும் ரத்தத்தைக் குறைத்துத்தான். கரியமில வாயு அழுத்தம் ஒரு புள்ளி குறைந்தால் மூளை ரத்த ஓட்டம் சுமார் 3 சதவீதம் குறையும். 40-ல் இருந்து 30-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஏற்கெனவே பட்டினி கிடக்கும் மூளை அது. பயத்தில் இருப்பவர் கையில் ஆம்பு பேக் இருந்தால் நிமிடத்துக்கு 35, 40 என்று அமுக்குவார். அப்போது கரியமில வாயு 20-க்கு இறங்கிவிடும், மார்புக்குள் காற்று தேங்கி பி.பி.யும் விழும்.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 20, அதாவது மூன்று விநாடிக்கு ஒரு அமுக்கு. "ஒண்ணு, ரெண்டு, அமுக்கு" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லட்டும். மூச்சு விடும் காற்றில் கரியமில வாயு காட்டும் கருவி இருந்தால் 30-க்கும் 35-க்கும் நடுவில் நிறுத்துங்கள். கண்மணி சுருங்கியதும் நிமிடத்துக்கு 10, 12-க்குத் திரும்பிவிட வேண்டும். கண்மணி விரியாத, நினைவு மட்டும் மங்கிய ஆளுக்கு முன்னெச்சரிக்கையாக இதைச் செய்யவே கூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மானிட்டால் 20% | உப்புநீர் 3% | வேக மூச்சு |
|---|---|---|---|
| பலன் தெரிய | கால் மணி நேரம் | கால் மணி நேரம் | ஒரு நிமிடம் |
| பி.பி. | பின்னால் விழலாம் | தாங்கும் | அதிகமானால் விழும் |
| உடன் வேண்டியது | யூரின் ட்யூப், வடிகட்டி செட், ஈடு சலைன் | நல்ல ஊசி | ஆக்சிஜன், ஓய்வில்லாத ஒரு ஆள் |
| மறைமுகச் செலவு | நீரிழப்பு, சிறுநீரகம் | சோடியம், இதயச் சுமை | மூளைக்கு ரத்தக் குறைவு |
| எப்போது இதுதான் | உப்புநீர் இல்லாதபோது, பி.பி. நிலையாக உள்ள பக்கவாத வீக்கம், மூளைக் கட்டி | விபத்து, ரத்தம் போன சந்தேகம், சிறுநீரகக் கோளாறு | கண்மணி விரிந்த அந்தச் சில நிமிடங்கள் |

என் கணக்கில் விபத்து என்றால் உப்புநீர். அது இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் மானிட்டாலை முழு அளவில், ட்யூபோடு போடுங்கள். வேக மூச்சு இரண்டுக்கும் மாற்று அல்ல, பாட்டில் வேலை செய்யத் தொடங்கும் வரை பிடித்து வைக்கும் கை.

நான்காவதாக ஒரு பாட்டிலையும் பல இடங்களில் சேர்த்துத் தொங்க விடுகிறார்கள்: ஸ்டீராய்டு. மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு அது நல்லது. தலைக்காயத்துக்குக் கெடுதல். 10,008 பேரை வைத்துச் செய்த கிராஷ் ஆய்வு 2004-ல் வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9. தலையில் அடி என்றால் அந்தப் பாட்டிலை எடுக்காதீர்கள்.

## அந்த இரவு

10.10-க்கு என்னைக் கூப்பிட்டார்கள். வீடு பக்கத்துத் தெரு. நான் போகும்போதே 108-க்குச் சொல்லியிருந்தார்கள், அது நல்ல காரியம். எந்த பாட்டிலுக்காகவும் வண்டியைக் காக்க வைக்கக் கூடாது, வண்டி வரும் நேரத்தில்தான் இதெல்லாம். கழுத்துப் பட்டை இறுக்கமாக இருந்ததை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தினேன். இறுகினால் கழுத்துச் சிரை அடைத்து அழுத்தம் ஏறும். கழுத்தெலும்பு எப்படி இருக்கிறது என்று தெரியாததால் தலையணை வைக்காமல், படுக்கையையே தலைப்பக்கம் 30 டிகிரி தூக்கினோம். மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டேன். நர்ஸ் மூன்று விநாடிக்கு ஒன்று என்று எண்ணி அமுக்கினார். அதற்குள் இரண்டரை பாட்டில் உப்புநீர் 15 நிமிடத்தில் ஓடி முடிந்தது. யூரின் ட்யூப் போட்டோம், தொடைக்குக் கட்டை கட்டினோம். யாரோ "டாக்டர், பி.பி. 190 ஆயிருச்சுங்க" என்றார்கள். இருக்கட்டும் என்றேன்.

10.35-க்கு வலது கண்மணி 4 மி.மீ., மந்தமாக அசைந்தது. பல்ஸ் 66, பி.பி. 158/84. அழுத்தம் இறங்கியதும் அது தானாக இறங்கியது. மூச்சை 12-க்குக் குறைத்துக்கொண்டு கிளம்பினோம். மாமனார் என்று ஒருவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "பணம் எவ்வளவு ஆகுமுங்க?" என்று கேட்டார். விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021-ல் வந்த இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது, பணத்துக்காக நிற்க வேண்டாம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டோம்.

பல்லடம் வரும்போது பல்ஸ் மறுபடி 54, கண்மணி 5. அலமாரியில் இருந்து எடுத்து வந்த அடுத்த 100 மில்லியை ஓட்டினோம், இரண்டு நிமிடம் வேக மூச்சு. சூலூருக்குள் திரும்ப 4 ஆனது. 12.20-க்குக் கோவை. ஸ்கேனில் வலது பொட்டெலும்புக்கு அடியில் சவ்வுக்கு வெளியே ரத்தக் கட்டி, ஒரு மணிக்கு முன்னால் அறுவை அரங்குக்குள் போய்விட்டார்.

ஒப்படைக்கும்போது அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டது மருந்தின் பெயரை அல்ல. மருந்துக்கு முன்னால் கண்மணி எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றுதான். உப்புநீருக்குப் பிறகு சுருங்கிய கண்மணியை மட்டும் பார்த்தால் எவ்வளவு தூரம் போய்த் திரும்பினார் என்று அவருக்குத் தெரியாது. அதனால் நோயாளியின் கையில் ஒட்டிய பிளாஸ்டரில் பேனாவால் எழுதி அனுப்புங்கள். அன்று நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: "10.10 வலது 6 அசையவில்லை, பல்ஸ் 52, 186/80. 3% உப்புநீர் 250, முடிந்தது 10.30. 10.35 வலது 4. பல்லடத்தில் இன்னும் 100. பி.பி. மருந்து, ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. இடது தொடை முறிவு."